ஒரு லட்சம் லிட்டரும் மார்ச் மாதமும்

மழைநீர் சேகரிப்புப் பாடத்தில் வழக்கமாக ஒரு கணக்கு வரும். மொட்டை மாடியின் பரப்பு, ஊரின் ஆண்டு மழையளவு, வழிந்தோடு குணகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அந்த வீட்டுக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் தண்ணீரின் அளவு வந்துவிடும். மாணவர்கள் அதை இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார்கள், விடையும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த விடையை நம்பி ஒரு தொட்டி கட்டினால் மார்ச் மாதத்தில் அது காய்ந்து கிடக்கும். எவ்வளவு மழை பெய்கிறது என்பதை மட்டும் அந்தப் பெருக்கல் சொல்கிறது. எப்போது பெய்கிறது என்பதைச் சொல்வதில்லை. வீட்டுக்கு வேண்டிய முடிவுகள் எல்லாம் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கின்றன. சென்னையில் இருக்கும் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொண்டு இதை முழுவதும் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் மில்லிமீட்டர் எப்படி லிட்டராகிறது என்று பார்ப்போம். ஓர் ஊரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தது என்றால், அந்த நீர் வழியாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் தரையில் அப்படியே நின்றிருந்தால் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நின்றிருக்கும் என்று பொருள். 1 சதுர மீட்டர் என்பது 10,000 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 0.1 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் கன அளவு 1,000 கன சென்டிமீட்டர், அதாவது சரியாக 1 லிட்டர். ஆக, ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். இந்த ஒரு வரி கையில் இருந்தால் மற்றதெல்லாம் வெறும் பெருக்கல்தான்.

நம் வீட்டின் மொட்டை மாடி 30 அடி அகலம், 36 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். அது 1,080 சதுர அடி. ஒரு சதுர மீட்டரில் 10.76 சதுர அடி இருப்பதால், கிட்டத்தட்ட 100 சதுர மீட்டர். மாடி தட்டையாக இருப்பதால் இங்கே குழப்பம் இல்லை. ஓட்டு வீடாக இருந்தால் மாணவர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்வார்கள்: சரிவின் வழியாக நீளத்தை அளந்து பரப்பைக் கணக்கிடுவார்கள். மழை மேலிருந்து விழுகிறது. எனவே கூரை தரையில் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ அதுதான் கணக்குக்கு வேண்டிய பரப்பு. 30 பாகைச் சரிவுள்ள ஓட்டுக்கூரையில் சரிவு நீளத்தை கொசைன் 30 பாகையால், அதாவது 0.866 ஆல், பெருக்க வேண்டும். பெருக்காமல் விட்டால் உண்மையில் கிடைப்பதைவிட 15 சதவீதம் அதிகமாக விடை வரும். உச்சி வெயில் நேரத்தில் விழும் கூரையின் நிழலை நினைத்துக்கொண்டால் இது மறக்காது.

அடுத்தது வழிந்தோடு குணகம். விழுகிற மழை முழுவதும் குழாய்க்கு வந்து சேராது. காய்ந்த சிமென்ட் தளம் முதலில் கொஞ்சம் குடிக்கும், பள்ளங்களில் கொஞ்சம் தேங்கும், சூடான தளத்திலிருந்து கொஞ்சம் ஆவியாகும், ஓரங்களில் கொஞ்சம் தெறித்துப்போகும். கான்கிரீட் மாடிக்கு இந்தக் குணகத்தை 0.8 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் இது எல்லா மழைக்கும் பொதுவான நிலையான எண் அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தனித்தனி நாட்களில் 2 மில்லிமீட்டர் வீதம் ஐந்து தூறல்கள் பெய்தால் மொத்தம் 10 மில்லிமீட்டர். ஆனால் ஒவ்வொரு முறையும் தளத்தை நனைப்பதிலேயே அது தீர்ந்துபோய், தொட்டிக்கு ஏறக்குறைய ஒன்றும் வராது. அதே 10 மில்லிமீட்டர் ஒரே மழையாகப் பெய்தால் பெரும்பகுதி வந்துசேரும். ஐப்பசி அடைமழையில் தளம் நன்றாக நனைந்த பிறகு குணகம் 0.9ஐத் தாண்டிவிடும். 0.8 என்பது இவற்றையெல்லாம் கலந்து எடுத்த ஒரு சராசரி. எப்போது, எப்படிப் பெய்கிறது என்ற கேள்வி இந்த எளிய எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

இப்போது ஆண்டுக் கணக்கைப் போடலாம். சென்னையின் ஆண்டு சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டரை 1,400 ஆல் பெருக்கினால் 1,40,000 லிட்டர், அதை 0.8 ஆல் பெருக்கினால் 1,12,000 லிட்டர். இந்தியாவில் பாதாள சாக்கடை வசதியுள்ள நகரங்களுக்கு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர் வழங்கல் திட்டங்களில் வைக்கப்படும் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 540 லிட்டர். 1,12,000ஐ 540 ஆல் வகுத்தால் 207 நாட்கள் வருகிறது. வருடத்தில் ஏழு மாதம் மழைநீரிலேயே ஓட்டிவிடலாம் என்று தோன்றும். பல விளம்பரப் பலகைகளும் பாடப் பயிற்சிகளும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. நாம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சென்னையின் மழை மாதங்களில் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமைப்படுத்திக்கொள்கிறேன். ஜனவரியில் 25 மில்லிமீட்டர், பிப்ரவரியிலும் மார்ச்சிலும் 5 வீதம், ஏப்ரலில் 15, மே மாதம் 35, ஜூனில் 55. பிறகு ஜூலையில் 100, ஆகஸ்டில் 130, செப்டம்பரில் 145. வடகிழக்குப் பருவமழை வந்ததும் அக்டோபரில் 310, நவம்பரில் 400, டிசம்பரில் 175. ஆண்டு மழையில் அறுபது சதவீதத்துக்கு மேல் கடைசி மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. நம் மாடியில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 80 லிட்டர் கிடைக்கிறது. எனவே நவம்பரில் 32,000 லிட்டர், மார்ச்சில் 400 லிட்டர். வீட்டுக்கோ 30 நாளைக்கு 16,200 லிட்டர் வேண்டும்.

வருடம் முழுவதும் மாதம் மாதமாக வரவையும் செலவையும் ஒப்பிட்டால், வரவு செலவைத் தாண்டுவது இரண்டே மாதங்களில்தான். அக்டோபரில் 24,800 லிட்டர் வருகிறது, 8,600 மிஞ்சுகிறது. நவம்பரில் 15,800 மிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்து 24,400 லிட்டர். இதைப் பிடித்து வைக்க மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 2.7 மீட்டர் ஆழம் உள்ள தொட்டி வேண்டும். ஒரு சிறிய அறையின் அளவு. கட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். டிசம்பரில் 14,000 லிட்டர் வரும், தொட்டியிலிருந்து 2,200 எடுக்க வேண்டும். ஜனவரியில் 2,000 மட்டுமே வரும், 14,200 எடுக்க வேண்டும். பிப்ரவரி பிறக்கும்போது தொட்டியில் மீதி 8,000 லிட்டர். அது அந்த மாதத்தின் நடுவிலேயே தீர்ந்துபோகும். அந்த 207 நாட்கள் பொய்யல்ல. ஆனால் அவற்றில் மார்ச்சும் ஏப்ரலும் மே மாதமும் ஏறக்குறைய இல்லை. தண்ணீர் இல்லாமல் நகரம் தவிக்கும் மாதங்கள் அவைதானே. 2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்த பிறகு, 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. முதல் ரயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். நம் கணக்கின்படி அது 22 மாடிகளின் ஓராண்டு மழை. அத்தனை மாடிகள் ஒரே தெருவில் இருக்கும். அளவை மட்டும் பார்த்தால் ரயிலே தேவைப்பட்டிருக்காது. மழை வந்த காலமும் தேவை வந்த காலமும் வேறு வேறாக இருந்ததால் தேவைப்பட்டது.

பெரிய தொட்டிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. மழை பாதியாகக் குறைந்த ஒரு வருடத்தை எடுத்துக்கொள்வோம். அக்டோபரில் 12,400 லிட்டர், நவம்பரில் 16,000 லிட்டர் வரும். இரண்டுமே 16,200ஐ எட்டவில்லை. எந்த மாதத்திலும் மிச்சம் இல்லாததால், அறை அளவுக்குக் கட்டிய தொட்டியில் ஒரு மாதம்கூடத் தண்ணீர் சேராது. மழை பாதியானால் சேமிப்பும் பாதியாகும் என்று மனம் சொல்லும். கணக்கு பூஜ்யம் என்கிறது. வரவில் செலவு போக மிஞ்சுவதுதான் சேமிப்பு என்பதால், வரவு கொஞ்சம் குறைந்தாலும் சேமிப்பு வேகமாகச் சரிந்துவிடுகிறது.

அப்படியானால் தொட்டியே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், ஆனால் அதனிடம் கேட்கும் வேலையைக் குறைக்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் தாராளம். நான்கு பேருக்கு 40 லிட்டர். ஜனவரி முதல் மே முடிய ஒரு சொட்டு மழைகூட இல்லை என்று மோசமாகவே வைத்துக்கொண்டாலும், 151 நாட்களுக்கு 6,040 லிட்டர் போதும். 6,000 லிட்டர் என்பது இரண்டு மீட்டர் நீளமும் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள ஒரு சம்ப். பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் அளவு. அது நிறைய 75 மில்லிமீட்டர் மழை போதும். மழை பாதியான வருடத்திலும் அக்டோபர் ஒரு மாதமே இதைப்போல இரண்டு மடங்கு கொடுத்துவிடும். ஆகவே சிறிய தொட்டி நல்ல வருடத்திலும் கெட்ட வருடத்திலும் நிறையும். பெரிய தொட்டியோ நல்ல வருடத்தை மட்டும் நம்பி நிற்கும்.

குடிநீருக்கென்று சேர்க்கும்போது முதல் மழையை விலக்க வேண்டும். கோடை முழுவதும் மாடியில் படிந்த தூசியும் பறவை எச்சமும் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மழையோடு இறங்கும். 100 சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் 100 லிட்டர். அந்த அளவை ஒரு வால்வு வழியே வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதை மணல் வடிகட்டி வழியாகத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். தொட்டிக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும்; மூடியிலோ காற்றுக்குழாயிலோ இடைவெளி இருந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும், அதற்குப் பிடித்தது சுத்தமான தேங்கிய நீர்தான். வலை கட்டிய, வெளிச்சம் புகாத தொட்டியாக இருந்தாலும் குடிப்பதற்கு முன் கொதிக்கவைப்பது நல்லது.

சிறிய தொட்டி ஆண்டுக்குப் பயன்படுத்துவது 14,600 லிட்டர்தான். 1,12,000 லிட்டரில் மீதி ஏறக்குறைய 97,000. அதை வைக்க நம்மிடம் இருக்கும் ஒரே பெரிய பாத்திரம் நிலம். நம் வீடு ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், இருக்கிறது என்று கொள்வோம். அது 223 சதுர மீட்டர். 97 கன மீட்டர் நீரை அந்தப் பரப்பில் பரப்பினால் 0.43 மீட்டர் உயரம் நிற்கும். ஆனால் நிலத்தடியில் நீர் வெற்றிடத்தில் நிற்பதில்லை, மணல் துகள்களின் இடைவெளிகளில்தான் நிற்கிறது. மணற்பாங்கான நிலத்தில், கிணற்றுக்குக் கொடுக்கவும் வாங்கவும் கூடிய இடைவெளி மொத்தக் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டால், நீர்மட்டம் 0.43ஐப் போல ஐந்து மடங்கு, அதாவது சுமார் 2.2 மீட்டர், உயர வேண்டும். ஏழு அடிக்கு மேல்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நிலத்தடி நீர் மனைக்கல் பார்த்து நிற்பதில்லை. நான் இறக்கிய நீரைப் பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணறு உறிஞ்சிக்கொண்டால், எனக்கு என்ன ஏழு அடி? உண்மைதான், அந்த உயர்வு ஒரு மனைக்குள் நிற்காது, நான்கு பக்கமும் பரவிக் கரைந்துவிடும். தெருவில் ஒரு வீடு மட்டும் செய்தால் அதன் பலனை அளந்துகூடப் பார்க்க முடியாது. எல்லா வீடுகளும் செய்தால்தான் பக்கவாட்டில் கசிவது குறையும், ஏனென்றால் பக்கத்திலும் நீர்மட்டம் அதே அளவு உயர்ந்திருக்கும். 2003இல் ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு அரசு, புதிய கட்டடங்களோடு நிறுத்தாமல் ஏற்கெனவே இருந்த கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய அவசரச் சட்டத்துக்கு இந்த இயற்பியலே போதுமான நியாயம் என்று நினைக்கிறேன். தனி வீட்டின் லாபத்தை மட்டும் காட்டி இதை யாரையும் செய்யவைக்க முடியாது.

ஆனால் சட்டத்துக்காகக் கட்டிய குழி எல்லாமே வேலை செய்வதில்லை, ஏனென்றால் சென்னையின் மண் ஒரே மண் அல்ல. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகள் மணல். தண்ணீர் சர்ரென்று இறங்கும். தி.நகர், மேற்கு மாம்பலம் பக்கம் களிமண். மேலோட்டமான குழியில் நீர் நாள்கணக்கில் நிற்கும். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் கீழே பாறை. களிமண் பகுதியில் களி அடுக்கைத் தாண்டி, அடியில் உள்ள மணலைத் தொடும் ஆழத்துக்கு உறைகிணறு இறக்கினால்தான் பயன். பாறைப் பகுதியில் பாறையின் விரிசல்களைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும்.

நம் உறைகிணறு போதுமா என்பதை ஒரு நாள் சோதனையில் தெரிந்துகொள்ளலாம். 3 அடி விட்டமும் 15 அடி ஆழமும் உள்ள உறைகிணறு சுமார் 3,000 லிட்டர் கொள்ளும். நவம்பரில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்வது சென்னைக்குப் புதிதல்ல. அன்று தளம் நன்றாக நனைந்திருக்கும் என்பதால் 9,000 லிட்டர் வரும். அது 10 மணி நேரத்தில் பெய்தால், கிணறு கொள்ளும் 3,000 போக மீதி 6,000ஐ அந்தப் பத்து மணி நேரத்தில் மண் குடித்தாக வேண்டும். மணிக்கு ஏறத்தாழ 600 லிட்டர். இந்தக் கிணற்றில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் சுமார் 660 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். எனவே கிணற்றை நிரப்பி, அளவுகோல் கட்டிய கயிற்றை விட்டு, மணிக்கு ஒரு மீட்டர் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். சோதனையைக் கோடையில் மட்டும் செய்து திருப்தியடையக் கூடாது. அடைமழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டமே மேலே ஏறிவிடும்போது அதே கிணறு மெதுவாகத்தான் குடிக்கும். 2015 டிசம்பர் முதல் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர் பெய்தது. நம் மாடியில் அது 29,000 லிட்டர், நாம் முன்பு கணக்கிட்ட பெரிய தொட்டியைவிட அதிகம். நவம்பர் முழுவதும் நனைந்து ஊறிப்போன மண்ணும் அதை ஏற்கவில்லை. வெள்ளத்தைத் தடுக்கும் வேலையை உறைகிணற்றிடம் எதிர்பார்க்க முடியாது என்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

மாதக் கணக்கும் ஒரு சராசரிதானே, அதை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று மாணவர் கேட்டால் அது நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொந்தமாக அளப்பதுதான். மழைமானிக்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். பக்கங்கள் நேராக இறங்கும் எந்தப் பாத்திரமும் போதும். வாளி கூடாது. வாய் அகன்று அடி குறுகிய வாளியில் மேலே விழுந்த மழை கீழே குறுகிய இடத்தில் சேர்வதால், நீரின் உயரம் உண்மையான மழையைவிட அதிகமாகத் தெரியும். மரத்துக்கும் சுவருக்கும் எட்டாத வெளியிடத்தில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு நாளின் மழையைக் கணக்கிடுவது அந்த நேரத்தில்தான் என்பதால், நம் அளவை அவர்கள் வெளியிடும் அளவோடு ஒப்பிடலாம். அந்தத் துறையின் கணக்கில் 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் அது மழை நாள். நம் தளம் நனைவதற்கே போய்விடும் தூறல்களைத் தனியே குறித்துக்கொள்ள இது நல்ல எல்லை.

அதே காலையில் சம்ப்பில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மீட்டர் சதுரத் தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 40 லிட்டர். முந்தைய நாள் 20 மில்லிமீட்டர் பெய்திருந்தால் மாடியில் விழுந்தது 2,000 லிட்டர். குணகம் 0.8 என்றால் 1,600 லிட்டர், முதல் மழைக்கு விட்ட 100 போக 1,500. தொட்டி 37 சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். ஏறியது 22 சென்டிமீட்டர்தான் என்றால் 600 லிட்டருக்கு மேல் எங்கோ போயிருக்கிறது. மழை நின்ற பிறகும் மாடியில் நீர் தேங்கி நின்றால் குழாய் வாயில் இலை அடைத்திருக்கும், அல்லது தளத்தின் வாட்டம் எதிர்ப்பக்கம் இருக்கும். மாடி காய்ந்து, வடிகட்டித் தொட்டி மட்டும் நிரம்பி வழிந்த தடம் தெரிந்தால் மணலின் மேல் சேறு படிந்திருக்கும். மேல் அடுக்கைச் சுரண்டிக் கழுவிப்போட வேண்டும். இரண்டுமே சரியாக இருந்தால் இறங்கு குழாய்கள் எல்லாம் தொட்டிக்குத்தான் வருகின்றனவா என்று ஒவ்வொன்றிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். நான்கில் ஒன்று சாக்கடையில் இணைந்திருந்தால் அந்த மூலையின் மழை முழுவதும் அந்த வழியே போய்க்கொண்டிருக்கும்.